ஃப்ரிட்ஜ் திரும்பிப் போனது, கடன் போகவில்லை

இஎம்ஐயில் வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டால், அதற்காக வங்கியில் ஏறிய கடன் தானாகவே முடிந்துவிடாது. பொருளை வாங்கியபோது கடையோடு ஒரு விற்பனை நடந்தது, வங்கியோடு ஒரு கடன் ஒப்பந்தம் நடந்தது. இரண்டும் ஒரே நிமிடத்தில், ஒரே ஸ்வைப் மெஷினில் முடிந்ததால் ஒன்றுபோலத் தெரிகின்றன. திருப்பும்போதுதான் அவை தனித்தனி என்பது புரிகிறது. கடைக்காரர் விற்பனையை ரத்து செய்யலாம். வங்கி கொடுத்த கடனை வங்கிதான் மூட வேண்டும்; பெரும்பாலும் வாடிக்கையாளர் கேட்ட பிறகுதான் மூடுகிறது.

திருச்சி தில்லை நகரில் சாஸ்திரி ரோட்டிலும் அதை ஒட்டிய கிராஸ் தெருக்களிலும் இந்த வியாபாரத்தை எந்த நாளும் பார்க்கலாம். ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் ஸ்ரீரங்கம், உறையூர், கே.கே. நகர் என்று எல்லாப் பக்கமிருந்தும் குடும்பங்கள் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்க வருகின்றன. விலை பேசி முடிந்ததும் பில் போடுபவர் கேட்பது, “எந்த பேங்க் கார்டு சார்? ஆறு மாசமா, ஒன்பது மாசமா?” என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நேரத்தில் நடப்பதைப் புரிந்துகொண்டால், திருப்பிக் கொடுக்கும்போது எந்தப் பணம் வரும், எது வராது என்பது தெளிவாகிவிடும்.

‘நோ காஸ்ட்’ என்பதன் கணக்கு

ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜின் விலை ₹36,000. ஆறு மாத நோ காஸ்ட் இஎம்ஐ, மாதம் ₹6,000. ஆறு தவணையைக் கூட்டினால் சரியாக ₹36,000 வருவதால் வட்டியே இல்லை என்று தோன்றும். ஆனால் வங்கி வட்டியில்லாமல் கடன் தருவதில்லை. ஆண்டுக்கு 16 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதம் ₹6,000 வீதம் ஆறு மாதத்தில் அடையக்கூடிய கடன் ₹34,378 மட்டுமே. மீதி ₹1,622 வட்டி. அந்த ₹1,622-ஐக் கடையோ தயாரிப்பு நிறுவனமோ விலையில் தள்ளிக் கொடுக்கிறது. எனவே மெஷினில் உண்மையில் தேய்க்கப்படும் தொகை ₹36,000 அல்ல, ₹34,378.

மெஷினிலிருந்து கிழித்துத் தரும் சார்ஜ் ஸ்லிப்பில் இதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும்: கடன் தொகை, வட்டி விகிதம், மாதத் தவணை, பிராசஸிங் கட்டணம், கேஷ்பேக் நிபந்தனை. வெயிலில் வைத்தால் எழுத்து மங்கிப்போகும் வகைத் தாள் அது. வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. பின்னால் எந்தத் தகராறு வந்தாலும் முதலில் தேடப்படுவது அந்தத் துண்டுச் சீட்டுதான்.

வட்டி மறைந்திருக்கிறது என்பதை ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டியைப் பிராசஸிங் கட்டணமாக மாற்றி வாடிக்கையாளர் தலையில் வைக்கிறார்கள் என்று அது கண்டித்தது. 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட கார்டு நெறிமுறைகளில் இதை இன்னும் தெளிவாக்கியது. இஎம்ஐயாக மாற்றும் முன்பே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அந்த வட்டியை ஈடுகட்டத் தரப்படும் தள்ளுபடி எவ்வளவு என்று தனித்தனியே காட்ட வேண்டும். ஸ்டேட்மென்டிலும் அப்படியே காட்ட வேண்டும். வட்டி உள்ளதை வட்டியில்லாதது போலக் காட்டக் கூடாது. வாடிக்கையாளருக்கு மிகவும் பயன்படும் விதி இது. ஆனால் அதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

தள்ளுபடி ஈடுகட்டுவது வட்டியை மட்டும்தான். கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது ஆறு மாதத்துக்கு ₹292. பிராசஸிங் கட்டணம் ₹199 என்றால் ஜிஎஸ்டியோடு ₹235. ஆக, பொருளைத் திருப்பாமலே வைத்துக்கொண்டாலும் நோ காஸ்ட் இஎம்ஐக்கு இந்தக் கணக்கில் ₹527 செலவாகிறது.

அன்றைக்கே திருப்பினால்

வாங்கிய அன்றே மனம் மாறினாலோ, கதவில் நெளிவு இருப்பது வீட்டில் இறக்கும்போது தெரிந்தாலோ, அதுதான் எல்லாவற்றிலும் சுலபமான கட்டம். கடைகள் அன்றைய கார்டு விற்பனை முழுவதையும் இரவில் மெஷினில் ‘செட்டில்மென்ட்’ போட்டு வங்கிக்கு அனுப்புகின்றன. அதற்கு முன்னால் கடைக்காரர் அதே மெஷினில் ‘வாய்டு’ செய்தால் அந்தப் பரிவர்த்தனையே இல்லாமல் போய்விடும். கடன் பதிவாகாது, வட்டி ஓடாது, கட்டணமும் விழாது. வாய்டு ஆனதற்குத் தனி ஸ்லிப் வரும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரவு செட்டில்மென்ட் ஆகிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். அதன்பின் கடை செய்யக்கூடியது ரீஃபண்ட் மட்டுமே. ஆகவே பொருளை வீட்டில் இறக்கியதும் பிரித்துப் பார்ப்பதும், குறை இருந்தால் கடை அடைப்பதற்குள் போன் செய்வதும் பணத்தை மிச்சப்படுத்தும் வேலைகள்.

மூன்று வாரம் கழித்துத் திருப்பினால்

பெரும்பாலான சிக்கல்கள் பிறப்பது இங்கேதான். அதே ஃப்ரிட்ஜ் ஜூலை 20 அன்று வாங்கப்பட்டது. கார்டின் ஸ்டேட்மென்ட் மாதாமாதம் 5-ஆம் தேதி, பணம் கட்டக் கடைசி நாள் 25 என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 5 ஸ்டேட்மென்டில் முதல் தவணை ₹6,000 வருகிறது. இதில் வட்டி ₹458, அசல் ₹5,542. வட்டி மீது ஜிஎஸ்டி ₹83, பிராசஸிங் கட்டணம் ஜிஎஸ்டியோடு ₹235 சேர்ந்து, கட்ட வேண்டியது ₹6,318.

ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. மெக்கானிக் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுக் கைவிரிக்கிறார். ஆகஸ்ட் 10-ஆம் தேதி கடை திரும்ப எடுத்துக்கொள்கிறது. “ரீஃபண்ட் போட்டாச்சு சார், ஏழெட்டு நாள்ல வந்துடும்” என்கிறார்கள். ஆகஸ்ட் 18 அன்று ₹34,378 கார்டில் வரவாகிறது.

முதல் தகராறு இந்தத் தொகையைப் பார்த்ததும் வருகிறது. பில்லில் ₹36,000 இருக்க, ஏன் ₹1,622 குறைகிறது என்று கடைமேல் கோபம் எழும். கடை எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. தேய்த்தது ₹34,378, திரும்பியதும் அதுவே. அந்த ₹1,622 வாடிக்கையாளர் கையிலிருந்து இன்னும் போகவே இல்லை. ஆறு மாதத்தில் வட்டியாகப் போயிருக்க வேண்டிய தொகை அது. கடனை உடனே மூடினால் அதில் பெரும்பகுதி போகாமலேயே நின்றுவிடும்.

அந்த மூடுதல்தான் தானாக நடப்பதில்லை. வரவான ₹34,378 கார்டின் பொதுக் கணக்கில் விழுகிறது. இஎம்ஐ கடன் வேறொரு ஏட்டில் இருக்கிறது. வந்த பணத்தில் முதலில் ஆகஸ்ட் மாத பாக்கி ₹6,318 கழிகிறது. கட்டக் கடைசி நாளுக்கு முன் வரும் ரீஃபண்டை, செலுத்தப்படாத பாக்கியோடு உடனே நேர்செய்து வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் 2022 நெறிமுறையில் உள்ளதுதான். மீதி ₹28,060 கார்டில் கூடுதல் வரவாக நிற்கிறது. இஎம்ஐ ஏட்டில் ₹28,836 அசல் அப்படியே இருக்கிறது.

இப்போது வாடிக்கையாளர் வங்கியின் கஸ்டமர் கேருக்கு போன் செய்ய வேண்டும். “பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கடையிலிருந்து ரீஃபண்ட் வந்துவிட்டது, அந்த இஎம்ஐயை கேன்சல் செய்யுங்கள்” என்று சொல்வதுதான் சரியான வார்த்தை. ‘ப்ரீ-குளோஸ்’ என்று கேட்டால், சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே கடன் அடைப்பவர்களுக்கு உரிய கட்டணம் விழலாம். பாக்கி அசலில் 3 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு ₹1,021. பொருள் திரும்பிய காரணத்தால் மூடுபவர்களுக்குச் சில வங்கிகள் இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. சில, குறிப்பிட்ட நாட்களுக்குள் வந்தால் மட்டும் தள்ளுபடி செய்கின்றன. கார்டு ஒப்பந்தத்தில் இது எழுதப்பட்டிருக்கும். போனில் பேசியதும் வேண்டுகோள் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவைப்பது பின்னால் கைகொடுக்கும்.

ஆகஸ்ட் 20 அன்று கட்டணமில்லாமல் மூடிவிட்டால், ஸ்டேட்மென்ட் நாளிலிருந்து 15 நாள் வட்டி ₹190, அதற்கு ஜிஎஸ்டி ₹34 சேரும். பாக்கி அசல் ₹28,836-க்கு கார்டில் நிற்கும் ₹28,060 போக ₹776 குறைகிறது. இந்த ₹224-ஐயும் கூட்டினால் ₹1,000. இதுதான் இல்லாத ஃப்ரிட்ஜுக்கு அந்தக் குடும்பம் கொடுக்கும் விலை. முதல் மாத வட்டி, பதினைந்து நாள் வட்டி, இரண்டுக்குமான வரி, திரும்பாத பிராசஸிங் கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கம். பொருள் பழுது என்பதால் திருப்பப்பட்டதென்றால், இந்த ஆயிரத்தையும் கடையிடம் கேட்பதில் தவறே இல்லை. பழுதான பொருளை விற்றதால் விளைந்த நட்டம் அது. வாடிக்கையாளர் தானாக ஏற்க வேண்டியதல்ல.

வரிசை மாறக் கூடாது. ரீஃபண்ட் வந்து சேரும் முன்பே இஎம்ஐயை மூடச் சொன்னால், ₹28,836 முழுவதும் அடுத்த ஸ்டேட்மென்டில் ஒரே தொகையாக வந்து நிற்கும். கடை ரீஃபண்டைத் தாமதித்தால் அதைக் கையிலிருந்து கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கார்டின் சாதாரண வட்டி ஏறத் தொடங்கும். அது இஎம்ஐ வட்டியைவிட மிக அதிகம். அதேபோல, ரீஃபண்ட் வரும் வரை தவணையைக் கட்டாமல் விடுவதும் கூடாது. தவணை, குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகைக்குள் சேர்ந்தே வருகிறது. தவறினால் தாமதக் கட்டணமும் சிபில் பதிவில் கறையும் மிஞ்சும்.

யாரும் போன் செய்யாவிட்டால்

ரீஃபண்ட் எஸ்எம்எஸ் வந்ததும் விஷயம் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். அவர்கள் கணக்கில் நடப்பது வெளியே தெரியாது. கார்டில் நிற்கும் ₹28,060-லிருந்து மாதாமாதம் ₹6,000 தவணையும் வட்டிக்கான ஜிஎஸ்டியும் கழிந்துகொண்டே போகும். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என நான்கு ஸ்டேட்மென்டிலும் கட்ட வேண்டியது பூஜ்யம் என்றே வரும். அதனால் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பொங்கலுக்கு முன் வரும் ஜனவரி ஸ்டேட்மென்டில் ₹2,150 கட்டச் சொல்லி வரும்போதுதான் திடுக்கிட்டுக் கணக்குக் கேட்பார்கள். ஆறு மாத முழு வட்டி, அதற்கான வரி, பிராசஸிங் கட்டணம் எல்லாம் சேர்ந்த தொகை அது. ஆகஸ்டில் ஒரு போன் செய்திருந்தால் ஆயிரத்தோடு முடிந்திருக்கும். இடையில் அதே கார்டில் மளிகையும் பெட்ரோலும் வாங்கியிருந்தால் இந்த ₹2,150 மற்ற செலவுகளோடு கலந்து, கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே இடம் ஸ்டேட்மென்டின் இரண்டாம் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ உள்ள இஎம்ஐ அட்டவணை. பொருளைத் திருப்பிய பின்னும் அதில் அந்தக் கடன் ஒரு வரியாக இருந்து, பாக்கித் தவணை எண்ணிக்கையும் காட்டினால் கடன் உயிரோடு இருக்கிறது என்று பொருள். கட்ட வேண்டிய தொகை பூஜ்யமாக இருப்பது எதையும் நிரூபிக்காது.

இன்னொரு கிளைச் சிக்கலும் உண்டு. ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட பரிவர்த்தனைக்கு வரும் ரீஃபண்ட் ₹5,000 அல்லது கார்டு வரம்பில் 1 சதவீதம், இரண்டில் குறைவானதைத் தாண்டினால், அதைக் கார்டிலேயே வைத்துக்கொள்ள வங்கி ஏழு நாளுக்குள் சம்மதம் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் பணத்தை வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இஎம்ஐ இன்னும் மூடப்படாத நிலையில் பணம் சேமிப்புக் கணக்குக்குப் போய்ச் செலவாகிவிட்டால், பின்னால் கடனை மூடும்போது அசல் முழுவதையும் புதிதாகப் புரட்ட வேண்டிவரும். அந்த எஸ்எம்எஸ்ஸைக் கவனித்துப் பதில் சொல்ல வேண்டியது இதனால்தான்.

கேஷ்பேக்: வந்ததும் வராததும்

வங்கிச் சலுகை இரண்டு உருவில் வருகிறது. ஒன்று உடனடித் தள்ளுபடி: மெஷினில் தேய்க்கும்போதே தொகை குறைந்துவிடும். திருப்பும்போது குறைந்த தொகையே வரும்; யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. மற்றொன்று பின்னால் வரும் கேஷ்பேக்: முழுத் தொகை தேய்க்கப்பட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கார்டில் வரவாகும். பொருளை அதற்கு முன் திருப்பினால் கேஷ்பேக் வராது. வந்த பிறகு திருப்பினால் வங்கி அதைக் கார்டில் பற்று எழுதித் திரும்ப எடுத்துக்கொள்ளும். சில நேரம் ரீஃபண்ட் வந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து இந்தப் பற்று விழுவதால், ஏதோ மோசடி என்று பயப்படுகிறார்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐயே சில இடங்களில் கேஷ்பேக் உருவில் வரும். அங்கே ₹36,000 முழுவதும் கடனாகி, தவணை ₹6,283 ஆகும். வட்டித் தொகை ₹1,698 பின்னால் கேஷ்பேக்காக வரும் என்று சொல்வார்கள். பொருளைத் திருப்பினால் அந்தக் கேஷ்பேக் வராது, அதுவரை கட்டிய வட்டியும் திரும்பாது. மேலே பார்த்த தள்ளுபடி முறையைவிட இதில் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு குறைவு. சார்ஜ் ஸ்லிப்பில் கடன் தொகை பில் தொகைக்குச் சமமாக இருந்தால் அது இந்த வகைதான்.

ஒரே பில்லில் இரண்டு பொருள் வாங்கி ஒன்றை மட்டும் திருப்பும்போது கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. ₹40,000-க்கு மேல் வாங்கினால் ₹3,000 தள்ளுபடி என்ற சலுகையில், ₹36,000 ஃப்ரிட்ஜும் ₹5,000 கிரைண்டரும் வாங்கப்பட்டன என்று கொள்ளலாம். கிரைண்டர் திரும்பினால், தள்ளுபடியை விலை விகிதத்தில் பிரித்து ₹366 கழித்து ₹4,634 தரலாம். அல்லது, மிஞ்சிய பில் ₹36,000 சலுகை வரம்புக்குக் கீழே போய்விட்டது என்று முழு ₹3,000-ஐயும் கழித்து ₹2,000 மட்டும் தரலாம். சலுகையின் நிபந்தனை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. இப்படிப் பாதி திரும்பும்போது பல வங்கிகளில் இஎம்ஐ பழைய தொகையிலேயே தொடரும். வந்த ரீஃபண்ட் கார்டில் தனி வரவாக நிற்கும். முழுக் கடனையும் மூட வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா என்பதை மீதி வட்டியைப் பார்த்து முடிவு செய்யலாம். பழுதுக்குப் பதில் அதே மாடல் வேறு பொருள் கிடைத்தால் ரீஃபண்டே கிடையாது. பழைய இஎம்ஐ அப்படியே ஓடும்.

கார்டு இல்லாமல் ஃபைனான்ஸில் எடுத்தால்

தில்லை நகர்க் கடைகளில் ஒரு மூலையில் மேசை போட்டு ஃபைனான்ஸ் கம்பெனி ஆட்கள் அமர்ந்திருப்பார்கள். ஆதார், பான் வாங்கி, டவுன் பேமென்ட்டும் பிராசஸிங் கட்டணமும் கட்டவைத்து, சேமிப்புக் கணக்கிலிருந்து தவணை பிடிக்க நாச் அனுமதி பெறுவார்கள். கடைக்கு ‘டிஓ’ எனப்படும் டெலிவரி ஆர்டர் போகும். இந்தக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. கட்டணத்துக்கு மட்டும் உண்டு.

இதில் பொருளைத் திருப்பினால் பணம் வாடிக்கையாளரிடம் வருவதில்லை. ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்ததைக் கடை அந்தக் கம்பெனிக்கே திருப்ப வேண்டும். டவுன் பேமென்ட்டை மட்டும் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கடை கேன்சலேஷன் அனுப்பாமல் இருந்தாலும், “வேறு பொருள் எடுத்துக்கோங்க” என்று கிரெடிட் நோட் கொடுத்துவிட்டாலும் கடன் நிற்காது, நாச் பிடித்தம் மாதாமாதம் தொடரும். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் இரண்டு பக்கமும் பவுன்ஸ் கட்டணம். செயலி வழியாகத் தரப்படும் கடன்களில், ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளின்படி குறைந்தது ஒரு நாள் யோசிக்க அவகாசம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி, அபராதமின்றி வெளியேறலாம். முன்பே தெரிவித்திருந்தால் நியாயமான பிராசஸிங் கட்டணத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம். கடன் மூடப்பட்டதும் நோ டியூஸ் கடிதம் வாங்கி, ஒரு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அது மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

யாரைக் கேட்பது

ரீஃபண்ட் வரவில்லை, தொகை குறைகிறது, பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியது கடை. கடை ரீஃபண்ட் போட்டதாகச் சொன்னால் ஏஆர்என் எனப்படும் 23 இலக்க எண்ணைக் கேட்க வேண்டும். அது இருந்தால் பணம் எங்கே நிற்கிறது என்று வங்கியில் கண்டுபிடித்துவிடலாம். எண்ணைத் தர முடியவில்லையென்றால் ரீஃபண்ட் இன்னும் போடப்படவில்லை என்று சந்தேகிக்க இடமுண்டு. பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் சொல்லலாம். தீராவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். ₹5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை.

ரீஃபண்ட் வந்த பின்னும் இஎம்ஐ ஓடுகிறது, சொல்லாத கட்டணம் விழுந்தது, கேன்சல் கேட்டும் மூடவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியது வங்கி. முதலில் எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம்; விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. சார்ஜ் ஸ்லிப், பில், ரீஃபண்ட் ஸ்லிப், கேன்சல் கேட்ட மின்னஞ்சல், ரீஃபண்ட் வந்த மாதத்திலிருந்து எல்லா ஸ்டேட்மென்டுகள் என இவற்றை இணைத்தால், எந்தத் தேதியில் பணம் வந்தது, அதன்பின் எத்தனை நாள் வட்டி பிடிக்கப்பட்டது என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும். திருப்பித் தரக் கேட்க வேண்டிய தொகையும் அந்த நாள் கணக்கிலிருந்துதான் வருகிறது.